வளர்ந்த விகிதமும் வற்றிய ரொக்கமும்

வணிகவியல் பயிலும் மாணவர் பரீட்சைக்கு முந்தின இரவில் புரட்டிப் பார்க்கும் நிதி விகிதங்களுள் தலைமை ஸ்தானத்தில் நிற்பது நடப்பு விகிதம். அதற்கு எதிரே, 'இரண்டுக்கு ஒன்று இருந்தால் நலம், அதற்கு மேலும் உயர்ந்தால் மிக நலம், குறைந்தால் அபாயம்' என்று ஒரு வரி விளக்கமும் எழுதப்பட்டிருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஒரு வியாபாரத்தின் ஸ்திதியை நிர்ணயிக்கப் புகுந்தவர் எங்கே வழி தவறுவார் என்பதை, ஒரே வியாபாரத்தின் இரண்டு வருஷக் கணக்கை முன்வைத்துக்கொண்டு, பிரதானமான விகிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிசீலித்துக் காண்போம்.

ஈரோட்டில் ஜவுளியை மொத்தமாகக் கொள்முதல் செய்து சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்கு விற்கும் ஒரு சிறு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குகள் எளிதில் விளங்க வேண்டுமென்பதற்காகவே நாம் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. எல்லாம் லட்சம் ரூபாயில். சொத்தும் பொறுப்பும் மார்ச் 31-ஆம் தேதி நிலவரப்படி.

| | முதல் வருஷம் | இரண்டாம் வருஷம் |
|---|---|---|
| விற்பனை (முழுதும் கடனுக்கு) | 730 | 730 |
| விற்ற சரக்கின் அடக்கவிலை | 584 | 584 |
| வட்டி, வரிக்கு முந்திய லாபம் | 54 | 58 |
| வட்டி | 14 | 18 |
| வரி போக நிகர லாபம் | 30 | 30 |
| ரொக்கம் | 24 | 6 |
| வரவேண்டிய பாக்கி | 80 | 130 |
| சரக்கிருப்பு | 96 | 144 |
| நிலைச் சொத்துகள் | 200 | 190 |
| சரக்குக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி | 64 | 64 |
| வங்கி ஓவர்டிராப்ட் | 36 | 48 |
| நீண்டகாலக் கடன் | 100 | 138 |
| பங்குதாரர் நிதி | 200 | 220 |

ரொக்கம், வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு ஆகிய மூன்றும் ஒரு வருஷத்திற்குள் பணமாக மாறக்கூடியவையாதலால் நடப்புச் சொத்துகள் எனப்படும். அதே காலத்திற்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை நடப்புப் பொறுப்புகள்.

நடப்பு விகிதம் = நடப்புச் சொத்துகள் ÷ நடப்புப் பொறுப்புகள்

முதல் வருஷத்தில் 200-ஐ 100-ஆல் வகுக்க 2 வருகிறது; இரண்டாம் வருஷத்தில் 280-ஐ 112-ஆல் வகுக்க 2.5. பாடக்குறிப்பின்படி பார்த்தால் கம்பெனி நல்ல நிலையிலிருந்து மிக நல்ல நிலைக்கு முன்னேறியிருக்கிறது.

இந்த 'இரண்டுக்கு ஒன்று' என்பது எந்தச் சாஸ்திரத்திலும் நிரூபிக்கப்பட்ட பிரமாணம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கடன் கேட்டு வந்த வியாபாரிகளின் கணக்கைப் பார்க்கத் தொடங்கிய அமெரிக்க வங்கிக்காரர்களிடையே வழங்கிய கைக்கணக்கு அது. நடப்புச் சொத்துகளை அவசரமாக விற்கும்படி நேர்ந்து, பாதி விலையே கிடைத்தாலும், கடன் கொடுத்தவர் நஷ்டமின்றித் தப்பலாம் என்பதே அதன் உட்கருத்து. நம் நாட்டு வங்கிகள் வேறொரு எண்ணைக் கைக்கொண்டன. ரிசர்வ் வங்கி 1974-இல் நியமித்த டாண்டன் குழு, கடன் வாங்குபவர் தம் நடப்புச் சொத்துகளில் நான்கில் ஒரு பங்கையேனும் சொந்த நிதியிலிருந்தோ நீண்டகாலக் கடனிலிருந்தோ ஈடுசெய்ய வேண்டும் என்னும் ஒரு முறையை வகுத்தது. நூறு ரூபாய் நடப்புச் சொத்தில் 25 ரூபாய் அவ்வாறு வருமானால், எஞ்சிய 75 ரூபாயே நடப்புப் பொறுப்பாகலாம். நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. இந்தியத் தொழில்களுக்குக் கடன் மனு தயாரிக்கும் மேஜைகளில் 1.33 என்னும் விசித்திரமான எண் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியதன் காரணம் இதுவே. ஆகவே, விகிதத்தை எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறோமோ, அந்த அளவுகோல் யாருடைய எந்தப் பயத்திலிருந்து பிறந்தது என்பதையும் சேர்த்தே மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம்.

சரக்கை உடனே விற்க முடியாது என்ற ஆட்சேபத்தைக் கருதி, அதை நீக்கிவிட்டுக் கணக்கிடும் விகிதமும் ஒன்று உண்டு.

விரைவு விகிதம் = (நடப்புச் சொத்துகள் − சரக்கிருப்பு) ÷ நடப்புப் பொறுப்புகள்

இது 1-க்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது வழக்கமான வியாக்கியானம். நம் கம்பெனிக்கு முதல் வருஷம் 104-ஐ 100-ஆல் வகுக்க 1.04, மறு வருஷம் 136-ஐ 112-ஆல் வகுக்க 1.21. கண்டிப்பு மிக்கதென்று பெயர் பெற்ற இந்த விகிதமும் முன்னேற்றத்தையே தெரிவிக்கிறது. ஆயினும், வரவேண்டிய பாக்கி வராமலே நின்றுவிட்டாலும் அதை ரொக்கத்துக்குச் சமமாகவே பாவிப்பது இதன் குறை. ரொக்கத்தை மட்டும் நடப்புப் பொறுப்பால் வகுத்தால் 0.24 என்பது 0.05 ஆக இறங்கிவிட்டதைக் காண்கிறோம். ஒரு சம்பள நாளும் ஒரு வட்டித் தவணையும் சேர்ந்து வந்தால் இந்த ஆறு லட்சம் எம்மட்டு?

இவ்விடத்தில் இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். நடப்பு விகிதம் ஒன்றுக்கு மேலிருக்கும்போது, சொத்திலும் பொறுப்பிலும் சமமான தொகையைக் கழித்தால் விகிதம் உயரும். முதல் வருஷத்தில் நம் கம்பெனி மார்ச் 30-ஆம் தேதி தன் 24 லட்ச ரொக்கத்தில் 20 லட்சத்தை எடுத்து ஜவுளி கொடுத்தவர்களுக்குச் செலுத்தியிருந்தால், சொத்து 180 ஆகவும் பொறுப்பு 80 ஆகவும் குறைந்து, விகிதம் 2.25 ஆகியிருக்கும். வியாபாரத்தில் எந்த அபிவிருத்தியும் இல்லை. பெட்டியில் இருந்த பணம் போனதுதான் மிச்சம். விகிதம் ஒன்றுக்குக் கீழிருக்கும் கம்பெனி இதே காரியத்தைச் செய்தால் விகிதம் இன்னும் இறங்குமாதலால், அவ்விதக் கம்பெனிகள் மார்ச் மாத இறுதியில் பாக்கியைக் கொடாமல் இழுத்தடிப்பதையே விரும்புகின்றன. ஆண்டின் ஒரே ஒரு நாளைக் காட்டும் இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்த விகிதம் எதுவாயினும், அந்த நாளுக்காகவே அலங்கரிக்கப்பட்டதாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் படிப்பவர் மனத்தை விட்டு அகலலாகாது.

அங்ஙனமாயின், 2-லிருந்து 2.5-க்கு ஏறிய உயர்வு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை கூற வல்லவை சுழற்சி விகிதங்கள். பாடநூல்களில் பின்னால் தள்ளப்பட்டு, மாணவர்கள் அவசரமாகக் கடந்து செல்லும் இப்பகுதியே என் அபிப்பிராயத்தில் நிதி விகிதங்கள் அனைத்திலும் சாரமானது. ஏனெனில், மற்றவை எவ்வளவு இருக்கிறது என்று கூறி நின்றுவிட, இவை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் கூறுகின்றன.

சரக்கிருப்புச் சுழற்சி = விற்ற சரக்கின் அடக்கவிலை ÷ சரக்கிருப்பு

சரக்கு தங்கும் நாட்கள் = 365 ÷ சரக்கிருப்புச் சுழற்சி

சரக்கு அடக்கவிலையில் எழுதப்படுவதால், வகுக்கப்படும் எண்ணும் அடக்கவிலையாகவே இருத்தல் முறை; விற்பனைத் தொகையைப் போட்டால் லாபமும் கலந்து, சரக்கு உள்ளதைவிட வேகமாக ஓடுவதுபோல் தோன்றும். முறைப்படி, வருஷ ஆரம்ப இருப்பையும் இறுதி இருப்பையும் கூட்டிப் பாதியாக்கிய சராசரியையே உபயோகிக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தில் சராசரி இருப்பு 120 ஆகையால் சுழற்சி 4.87, இறுதி இருப்பை வைத்துக் கணக்கிட்டால் 4.06. இவ்வளவு வித்தியாசம் ஒரே வருஷத்தில் வருவதே இருப்பு குவிந்துகொண்டிருப்பதற்கு அடையாளம். நம்மிடம் முதல் வருஷத்தின் ஆரம்ப இருப்பு இல்லாமையால், இரு வருஷங்களையும் ஒரே முறையில் ஒப்பிட வேண்டி, இறுதி இருப்புகளையே இனி எடுத்துக்கொள்வோம். அவ்வாறு செய்தால் முதல் வருஷத்தில் 60 நாட்கள் கிடங்கில் தங்கிய துணி மறு வருஷத்தில் 90 நாட்கள் தங்கியிருக்கிறது.

கடனாளிகள் சுழற்சி = கடன் விற்பனை ÷ வரவேண்டிய பாக்கி

வசூல் நாட்கள் = 365 ÷ கடனாளிகள் சுழற்சி

இது முதல் வருஷத்தில் 40 நாள். இரண்டாம் வருஷத்தில் 65 நாள். விற்பனை ஒரு ரூபாயும் உயரவில்லை. வசூல் மட்டும் இருபத்தைந்து நாள் பிந்தியிருக்கிறது. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு நியாயமான ஊகம் எழுகிறது. சரக்கு எளிதில் போகாத காலத்தில், விற்பனை எண்ணையேனும் சென்ற வருஷத்து அளவில் நிறுத்தவேண்டி, கம்பெனி தவணையைத் தாராளமாக நீட்டியிருக்கிறது. அப்படியும் தள்ள முடியாத துணி கிடங்கில் நிற்கிறது. ஊகம் உண்மைதானா என்பதை விகிதத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. கடைவாரியாக எந்த பாக்கி எத்தனை நாட்பட்டது என்று காட்டும் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அறுபத்தைந்து என்னும் சராசரிக்குள், முப்பது நாளில் ஒழுங்காகச் செலுத்தும் நூறு கடைகளும், ஆறு மாதமாக ஒரு காசும் செலுத்தாத ஒரே பெரிய கடையும் ஒளிந்திருக்கலாம். அந்தப் பெரிய கடை மூடப்பட்டால், விரைவு விகிதத்தில் திரவச் சொத்தாக எண்ணப்பட்ட பாக்கி வாராக் கடனாக மாறி, லாபத்தையும் விழுங்கிவிடும். சரக்கிலும் அவ்வாறே: சென்ற தீபாவளிக்கு வாங்கிய அச்சுப் புடவை வருகிற தீபாவளிக்கு அடக்கவிலைக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கொடுக்கவேண்டிய பாக்கியையும் இம்முறையிலேயே நாட்களாக மாற்றலாம். ஆனால் அங்கே வகுக்கப்படும் எண் கொள்முதல். இரண்டாம் வருஷத்தில் அடக்கவிலை 584-உடன் இருப்பில் ஏறிய 48-ஐக் கூட்ட, கொள்முதல் 632 ஆகிறது. பாக்கி 64 ஆதலால் 37 நாள். முதல் வருஷத்தில் இருப்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று கொண்டால் 40 நாள். ஜவுளி கொடுத்தவர்கள் தவணையை நீட்டவில்லை. சற்றுச் சுருக்கவே செய்திருக்கிறார்கள்.

பணச் சுழற்சிக் காலம் = சரக்கு தங்கும் நாட்கள் + வசூல் நாட்கள் − கொடுக்கும் நாட்கள்

முதல் வருஷம் 60 உடன் 40 சேர்த்து 40 கழிக்க 60 நாள். மறு வருஷம் 90 உடன் 65 சேர்த்து 37 கழிக்க 118 நாள். துணிக்காகக் கையைவிட்டுப் போன ரூபாய் திரும்பிவர முன்பு இரண்டு மாதம் ஆயிற்று. இப்பொழுது ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது. நடப்பு விகிதம் உயர்ந்த ரகசியம் இதுதான்: குளத்தில் நீர்மட்டம் ஏறியது வரத்து மிகுந்ததால் அன்று, மதகு அடைபட்டதால்.

அடைபட்டதன் விளைவை ரொக்கக் கணக்கில் நேராகவே காணலாம். இரண்டாம் வருஷ நிகர லாபம் 30 லட்சம்; ரொக்கம் வெளியே போகாத தேய்மானம் 10 லட்சத்தைக் கூட்ட 40. வரவேண்டிய பாக்கியில் 50 லட்சமும் சரக்கில் 48 லட்சமும் முடங்கிவிட்டன. ஆகவே, லாபம் காட்டிய வருஷத்திலேயே வியாபாரம் 58 லட்சம் ரொக்கத்தை உறிஞ்சிக்கொண்டது. அதோடு பங்குதாரருக்கு 10 லட்சம் டிவிடெண்டும் கொடுக்கப்பட்டது. இந்த 68 லட்சத்தில் 50 லட்சத்தை வங்கியும் நீண்டகாலக் கடனும் கொடுத்தன. எஞ்சிய 18 லட்சம் பெட்டியிலிருந்து போயிற்று. நடப்பு விகிதத்தை உயர்த்திக் காட்டியதில் நீண்டகாலக் கடனுக்கும் பங்கு உண்டு என்பதைக் கவனித்தல் வேண்டும். நீண்டகாலக் கடனாக வாங்கிய 38 லட்சம் நடப்புப் பொறுப்பில் சேராது. அதைக்கொண்டு குவித்த துணியோ நடப்புச் சொத்தில் சேர்ந்துவிடும்.

கடன் சுமையைக் காட்டும் விகிதங்களைப் பற்றி இரண்டொரு வார்த்தை போதும்.

கடன்-பங்கு விகிதம் = மொத்தக் கடன் ÷ பங்குதாரர் நிதி

வட்டிக் காப்பு விகிதம் = வட்டி, வரிக்கு முந்திய லாபம் ÷ வட்டி

ஓவர்டிராப்டையும் கடனாகக் கொண்டால் முன்னது 0.68-லிருந்து 0.85 ஆகியது, பங்குதாரரின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே எண்பத்தைந்து காசு வெளியார் பணம் நிற்கிறது என்பது பொருள். பின்னது 3.86-லிருந்து 3.22-க்கு இறங்கியது, லாபம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் வரையில் வட்டி கொடுக்க முடியும் என்பது அதன் பொருள். இரண்டும் தனியே பார்க்கையில் பயமுறுத்துபவை அல்ல. வட்டியை லாபத்திலிருந்து கொடுப்பதாக விகிதம் பாவிக்கிறது. வங்கியோ ரொக்கத்தையே கேட்கும்.

இனி லாப விகிதங்கள். நிகர லாபத்தை விற்பனையால் வகுத்து நூறால் பெருக்க வருவது நிகர லாப விகிதம். நம் கம்பெனிக்கு இரு வருஷங்களிலும் 4.11 சதவீதம். இதையே பார்த்து முதலாளி திருப்தியடைந்திருக்கக்கூடும். ஆனால் போட்ட மூலதனத்துக்கு என்ன கிடைத்தது என்று வினவினால் விடை வேறு. 1910-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் பணிபுரிந்த டொனால்ட்சன் பிரௌன் என்பார், லாப விகிதத்தையும் சுழற்சியையும் ஒன்றோடொன்று பெருக்கி மூலதனத்தின் வருவாயைக் காணும் முறையை வகுத்தார். பின்னர் அவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குச் சென்று அங்கும் இதைப் பரப்பினார். கடனின் பங்கையும் சேர்த்து இக்காலத்தார் அதை மூன்று உறுப்புகளாக எழுதுகின்றனர்.

பங்குதாரர் நிதி மீதான வருவாய் = (நிகர லாபம் ÷ விற்பனை) × (விற்பனை ÷ மொத்தச் சொத்து) × (மொத்தச் சொத்து ÷ பங்குதாரர் நிதி)

நடுவிலுள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நிகர லாபத்தைப் பங்குதாரர் நிதியால் வகுத்த எளிய விகிதமே மிஞ்சும் என்பது மாணவருக்கு உடனே புலப்படும். அப்படியிருக்க இத்தனை பிரயாசை எதற்கு? முதல் வருஷத்தில் 4.11 சதவீதம், 1.825 தடவை, 2 மடங்கு ஆகியவற்றைப் பெருக்க 15 சதவீதம் வருகிறது. இரண்டாம் வருஷத்தில் 4.11 சதவீதம், 1.553 தடவை, 2.136 மடங்கு; பெருக்கிவர 13.6 சதவீதம். லாப விகிதம் அசையவில்லை. சொத்தின் சுழற்சி தளர்ந்தது. அத்தளர்ச்சியின் ஒரு பகுதியைக் கடன் ஏறியது மறைத்தது. கடன் மடங்கு 2-லேயே நின்றிருந்தால் வருவாய் 12.8 சதவீதமாக இறங்கியிருக்கும். முன்பு சரக்கிலும் வசூலிலும் கண்ட அதே அடைப்பு, இங்கே பங்குதாரரின் வருவாயில் வந்து முட்டுவதை இந்தப் பிரிவினைதான் வெளிப்படுத்துகிறது.

நம் கற்பனைக் கம்பெனிக்கு நேர்ந்தது பெரிய அளவில் மெய்யாகவே நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை நடத்திய டபிள்யூ.டி. கிராண்ட் என்னும் நிறுவனம் 1975 அக்டோபரில் திவாலாயிற்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அதன் வியாபாரம் சம்பாதித்ததைவிட அதிக ரொக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளரிடம் நின்ற பாக்கியும் சரக்கும் பெருகிக்கொண்டே சென்றன. அவ்வருஷங்களில் அது லாபமும் காட்டியது, டிவிடெண்டும் கொடுத்தது.

இதனால் நீண்ட பணச் சுழற்சி எங்கும் நோய் என்று கொள்வதும் தவறு. நகைக்கடையில் சரக்கு மாதக்கணக்கில் தங்குவது இயல்பு; சிற்றுண்டிச் சாலையில் அது ஒரு வாரம் தங்கினாலே கெட்டுப்போகும். ரொக்கத்துக்கு விற்று, தவணையில் கொள்முதல் செய்யும் சிற்றுண்டிச் சாலையின் நடப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தும் அது சுகமாக நடக்கலாம். ஆகையால் ஜவுளியை ஜவுளியோடும், இந்த வருஷத்தைச் சென்ற வருஷத்தோடுமே ஒப்பிடுதல் தகும்.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும் இக்காரியத்தை நம் நாட்டில் இப்பொழுது சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கம்பெனிகள் சட்டம், 2013-இன் மூன்றாம் அட்டவணையில் 2021 மார்ச்சில் செய்த திருத்தத்தின்படி, கம்பெனிகள் தம் கணக்கறிக்கையில் பதினொரு விகிதங்களை வெளியிடவேண்டும். எந்த விகிதமேனும் சென்ற வருஷத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அதற்குக் காரணமும் கூறவேண்டும். நம் ஈரோட்டுக் கம்பெனி, நாம் எடுத்துக்கொண்ட இறுதி இருப்புகளின்படியே இதற்கு உட்படுமானால் நேர்வது சுவையானது. நடப்பு விகிதம் 2-லிருந்து 2.5 ஆனது சரியாக 25 சதவீதம்; அதற்கு மேல் அன்று; ஆகவே விளக்கம் வேண்டியதில்லை. கடன்-பங்கு விகிதம் 24 சதவீதச் சொச்சத்தில் மயிரிழையில் தப்புகிறது. பங்குதாரர் வருவாயின் வீழ்ச்சி 9 சதவீதமே. நிகர லாப விகிதம் மாறவே இல்லை. சரக்கிருப்புச் சுழற்சியோ 33 சதவீதமும், கடனாளிகள் சுழற்சி 38 சதவீதமும் சரிந்திருப்பதால், நிர்வாகம் அவ்விரண்டுக்கும் காரணம் எழுதியே ஆகவேண்டும். 'சந்தை மந்தத்தால்' என்று ஒரு வரியில் அது முடிக்கப்பட்டிருந்தால், படிப்பவர் அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது கடைவாரியான பாக்கிப் பட்டியலும் கிடங்கிலுள்ள சரக்கு வாங்கிய தேதிகளும்.